நீரிழிவு உணவுத் திட்டமிடல்: 20 மதிப்பெண் வினாவும் மாதிரி விடையும்

வினா

பாலக்கோடு வட்டத்தில் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் 54 வயதுப் பெண் ஒருவருக்கு நான்கு ஆண்டுகளாக இரண்டாம் வகை நீரிழிவு உள்ளது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொள்கிறார். வெறும் வயிற்றில் சர்க்கரை 138 மி.கி., உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 236 மி.கி., ஹெச்பிஏ1சி 8.1 விழுக்காடு. மதியத்தில் அரிசி நொய் சேர்த்துக் கிண்டிய கேழ்வரகுக் களி இரண்டு உருண்டை, ஒரு கிண்ணம் கொள்ளுக் குழம்பு, 150 கிராம் தர்பூசணி ஆகியவற்றை உண்கிறார். "களி சர்க்கரைக்கு நல்லது, தர்பூசணிதான் ஏற்றிவிடுகிறது" என்று அக்கம்பக்கத்தார் சொன்னதால் பழத்தை விட்டுவிட நினைக்கிறார்.

கணக்கிடுவதற்கான மதிப்புகள்: களி இரண்டு உருண்டையில் செரிமானமாகும் மாவுச்சத்து 80 கிராம், கிளைசீமிக் குறியீடு 68; கொள்ளு ஒரு கிண்ணத்தில் 17 கிராம், குறியீடு 44; தர்பூசணியில் 9 கிராம், குறியீடு 72; அதே அளவு மாம்பழத்தில் 22 கிராம், குறியீடு 51; சாமைச் சோற்றின் குறியீடு 60.

(அ) மதிய உணவின் மொத்தக் கிளைசீமிக் சுமையைக் கணக்கிட்டு, அக்கம்பக்கத்தார் கூற்றை மதிப்பிடுக. (ஆ) பழத்தை நீக்குதல், களிக்குப் பதில் அதே அளவு மாவுச்சத்துள்ள சாமைச் சோறு தருதல், களியை ஓர் உருண்டையாகக் குறைத்துக் கொள்ளை இரட்டிப்பாக்குதல் ஆகிய மூன்று மாற்றங்களுள் எதைப் பரிந்துரைப்பீர்? (இ) மாம்பழப் பருவத்தில் தர்பூசணிக்குப் பதில் மாம்பழம் தரலாமா? (ஈ) "இரவுக் களியைத் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் மோரில் கரைத்துக் குடித்தால் சர்க்கரையே ஏறாது" என்ற அவரது நம்பிக்கைக்கு விடை கூறுக.

மாதிரி விடை

(அ) ஓர் உணவிலுள்ள மாவுச்சத்து இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை, அதே அளவு மாவுச்சத்துள்ள குளுக்கோஸை 100 எனக் கொண்டு ஒப்பிடுவதே கிளைசீமிக் குறியீடு. இச்சோதனையில் வழக்கமாக 50 கிராம் செரிமானமாகும் மாவுச்சத்து உள்ள அளவு உணவைக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரச் சர்க்கரை உயர்வை அளக்கிறார்கள். எனவே குறியீடு மாவுச்சத்தின் தன்மையைச் சொல்லுமே ஒழிய, தட்டில் அது எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லாது. 1981இல் டொராண்டோவில் ஜென்கின்ஸ் குழுவினர் குறியீட்டை முன்வைத்தனர். அளவையும் சேர்த்துக் காட்டும் சுமை என்ற கருத்து 1997இல் ஹார்வர்டு ஆய்வாளர்களின் பணியில்தான் வந்தது. சுமை என்பது குறியீட்டை மாவுச்சத்தின் கிராம் அளவால் பெருக்கி 100ஆல் வகுத்துக் கிடைப்பது.

களி: 68 × 80 ÷ 100 = 54.4
கொள்ளு: 44 × 17 ÷ 100 = 7.5
தர்பூசணி: 72 × 9 ÷ 100 = 6.5
மொத்தம்: 68.4

குறியீட்டை மட்டும் பார்த்தால் தர்பூசணி "உயர்" வகையிலும் (70க்கு மேல்), களி "நடுத்தர" வகையிலும் (56 முதல் 69 வரை) சேரும். சுமையைப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிறது: மொத்தச் சுமையில் ஏறத்தாழ 80 விழுக்காடு களியிலிருந்து வருகிறது, தர்பூசணியின் பங்கு 10 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. தர்பூசணியின் பெரும்பகுதி நீர். 50 கிராம் மாவுச்சத்து கிடைக்க அதில் 800 கிராமுக்கு மேல் உண்ண வேண்டியிருக்கும். ஆகவே அக்கம்பக்கத்தார் கூற்று பொருந்தாது. கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் மிகுதி என்பது உண்மையே. ஆனால் நன்கு மாவாக அரைத்து, கொதிநீரில் வேகவைத்துக் கிண்டும்போது அதன் மாவுப்பொருள் எளிதில் செரிக்கும் நிலையை அடைகிறது; நொய்யும் அதற்குத் துணைபோகிறது.

(ஆ) பழத்தை நீக்கினால் மொத்தச் சுமை 61.9 ஆகும். சாமைச் சோற்றுக்கு மாறினால் அதன் சுமை 48; மொத்தம் 62.0. இரண்டு மாற்றங்களும் ஏறக்குறைய ஒரே அளவு பயனையே தருகின்றன. தானியத்தை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்றாவது மாற்றத்தில் களி 27.2, கொள்ளு 15.0, தர்பூசணி 6.5 எனச் சுமை 48.6 ஆகிறது, ஏறத்தாழ 29 விழுக்காடு குறைவு.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மொத்தச் சுமையை மொத்த மாவுச்சத்தால் வகுத்து 100ஆல் பெருக்கினால் முழு உணவின் குறியீடு கிடைக்கும். சாமைச் சோற்று உணவில் அது 58.5 (62.0 சுமை, 106 கிராம்), மூன்றாவது மாற்றத்தில் 58.6 (48.6 சுமை, 83 கிராம்). குறியீட்டளவில் இரண்டும் ஒன்றே, சுமையில் 13 அலகு வேறுபாடு. குறியீட்டை மட்டும் வைத்துத் திட்டமிடுபவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படாது.

எனவே மூன்றாவது மாற்றத்தையே பரிந்துரைக்கிறேன். வெயிலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவரிடம் பாதிக் களியை எடுத்துவிட்டு "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றால் நான்காம் நாள் பழைய உணவுக்கே திரும்பிவிடுவார். கூடுதல் கொள்ளின் புரதமும் நாரும் பசியைத் தாங்கும். அத்துடன் அவரைக்காய்ப் பொரியலோ கீரைக் கடைசலோ ஒரு கிண்ணம் சேர்க்கலாம், அவற்றின் சுமை மிகச் சிறிது. கொள்ளைக் கூட்டுவதற்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டுப் பரிசோதனை முடிவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இவர் மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பதால் தாழ்சர்க்கரை அபாயம் குறைவு; இன்சுலினோ கிளிபென்கிளமைடோ எடுப்பவராயின், மருத்துவர் மருந்தளவைப் பார்க்காமல் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லக் கூடாது.

(இ) மாம்பழத்தின் குறியீடு 51, அதாவது "தாழ்" வகை. ஆயினும் 150 கிராமில் அதன் சுமை 11.2, தர்பூசணியைவிட முக்கால் பங்கு அதிகம். மாந்தோப்புகள் நிறைந்த கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியில் பருவத்தில் மாம்பழம் உண்ணவே கூடாது என்று சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. 75 முதல் 80 கிராம் வரை, அதாவது பெங்களூரா மாம்பழத்தின் ஒரு கன்னத்தில் ஒரு பகுதி மட்டும், தர்பூசணிக்குப் பதிலாகத் தரலாம். அப்போது சுமை 6க்கு அருகிலேயே நிற்கும். சர்க்கரை சேர்த்த மாம்பழக் கூழும் சாறும் இக்கணக்கில் அடங்கா.

(ஈ) நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. வெந்த மாவுப்பொருள் ஆறும்போது ஒரு பகுதி செரிக்காத மாவாக மாறுகிறது. மோரின் புளிப்பு இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் பெரும்பகுதி மாவுச்சத்து அப்படியே இருக்கிறது, கூழாகக் கரைத்ததை மென்று தின்னாமல் விரைவாகக் குடித்துவிடவும் முடிகிறது. எனவே ஓர் உருண்டைக்கு மேல் கரைக்க வேண்டாம் என்று கூறி, குடித்து இரண்டு மணி நேரம் கழித்து விரல் நுனிச் சோதனை செய்து அவர் உடலில் என்ன நடக்கிறது என்பதை அவருக்கே காட்டலாம்.

திருத்துநருக்கு

(அ) பகுதியில் "கேழ்வரகு சிறுதானியம், ஆகவே பாதுகாப்பானது" என்று எழுதிவிட்டுக் கணக்கைச் சரியாகச் செய்திருந்தாலும் மதிப்பீட்டுக்கான 2 மதிப்பெண்ணைத் தர வேண்டாம். சுமை 20ஐத் தாண்டினால் உயர்வு என்ற வரம்பு ஒரு தனி உணவின் ஒரு பரிமாறலுக்கு உரியது, 68.4ஐ அதனுடன் ஒப்பிட்டு "மும்மடங்கு ஆபத்து" என்று எழுதுவது பிழை. ஒரு நாளைக்குரிய சுமை 80க்குள் இருந்தால் தாழ்வு, 120ஐத் தாண்டினால் உயர்வு என்ற வழக்கத்தைச் சுட்டி, ஒரு மதிய வேளையே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது என்று காட்டியவருக்கு முழு மதிப்பெண் வழங்கலாம். (ஆ) பகுதியில் சாமையைத் தேர்ந்தவர், அளவையும் குறைத்துக் கணக்குக் காட்டியிருந்தால் மதிப்பெண் குறைக்க வேண்டியதில்லை. தசமப் புள்ளியில் 0.1 வேறுபாடு வந்தால் பொருட்படுத்த வேண்டாம்.