திங்கள் முதல் பீரியடுக்கு முன்: மதத்தின் பெயரால் நடந்த வன்முறையை வகுப்பில் பேசுவது எப்படி

9 முதல் 12 வரை எடுக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு,

சனிக்கிழமை மாலை ஒரு வழிபாட்டுத் தலத்தில் நடந்த தாக்குதலை நாம் எல்லோரும் பார்த்துவிட்டோம். பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள், அதுவும் நமக்கு முன்பே, நம் கண்ணில் படாத வீடியோக்களோடு சேர்த்து. நாளை வருகைப் பதிவு எடுத்து முடிப்பதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள். "அதெல்லாம் அப்புறம், பாடத்தைப் பார்ப்போம்" என்று புத்தகத்தைத் திறந்தால் பேச்சு நின்றுவிடாது, நாம் இல்லாத இடத்தில் இடைவேளையில் நடக்கும். அதனால் வகுப்பிலேயே பேசுவோம் என்று முடிவு செய்தோம். எப்படிப் பேசுவது என்று சமூக அறிவியல் துறை சார்பில் நான் எழுதித் தருவதாகச் சொன்னேன்.

தாக்கியவர்கள் எந்த மதம், இறந்தவர்கள் எந்த மதம் என்று இதில் எங்கேயும் எழுதவில்லை, வேண்டுமென்றேதான். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் இதில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டி வரக் கூடாது. நீங்கள் நாளை பேசப்போவதையும் இப்படி ஒரு முறை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மாற்றும்போது எங்கேயாவது நாக்கு இடறினால், திருத்த வேண்டிய இடம் அதுதான்.

எழுவாயிலிருந்து தொடங்குங்கள். இலக்கண வகுப்பில் நாம் சொல்லித்தரும் அதே எழுவாய்தான். ஞாயிற்றுக்கிழமை வந்த ஒரு தலைப்பில் முதல் சொல்லே ஒரு மதத்தாரின் பெயர், அடுத்த சொல் 'வெறியாட்டம்'. அதைக் கரும்பலகையில் எழுதாதீர்கள், எழுதினால் பிள்ளைகளின் நினைவில் நிற்கப்போவது அதுதான். வாயால் கேளுங்கள்: செய்தவர்கள் எத்தனை பேர்? போலீஸ் சொன்னபடி இருவர். அந்த மதத்தில் இருப்பவர்கள்? கோடிக்கணக்கானோர். அப்படியானால் இந்த வாக்கியத்துக்கு எழுவாய் யார்? "துப்பாக்கியோடு உள்ளே நுழைந்த இருவர்" என்று பிள்ளைகளே சொல்வார்கள். அதை எழுதுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு, அதை நாம் கவனிப்பதே இல்லை. அதே செய்தி இன்னொரு இடத்தில் "மோதலில் 4 பேர் உயிரிழந்தனர்" என்று வந்திருக்கிறது. இங்கே செய்தவர்களையே காணோம். அமைதியாக வழிபட்டுக்கொண்டிருந்தவர்கள் மேல் இருவர் சுட்டதை மோதல் என்று சொன்னால் இரண்டு பக்கமும் சண்டை போட்டது போல ஆகிவிடும். தாக்கியவன் நமக்கு வேண்டிய கூட்டத்தைச் சேர்ந்தவனாக இருந்தால் நாமும் இப்படித்தான் பேசுகிறோம், 'தனி ஆள்', 'மனநிலை சரியில்லாதவர்', 'அசம்பாவிதம்' என்று. வேண்டாத கூட்டம் என்றால் 'அவர்கள்'. ஒரு சமூகத்தின் மேல் பழி விழுவது பெரும்பாலும் வசைச்சொல்லால் அல்ல, இந்த இரண்டு அளவுகோலால்தான். அடுத்தடுத்த நாட்களில் வந்த இரண்டு செய்திகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து 'யார் செய்தது என்று எங்கே சொல்லியிருக்கிறது, எங்கே சொல்லவில்லை' என்று அடிக்கோடு போடச் சொல்லுங்கள். ஒரு பீரியடுக்கு அதுவே போதும்.

சரி, மதத்தைப் பற்றிப் பேசவே கூடாதா? பேச வேண்டும். "இதற்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்லை" என்று நல்லெண்ணத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தால், தாக்கியவர்களில் ஒருவர் தன் வாயால் மதத்தின் பெயரைச் சொன்ன வீடியோவைப் பார்த்த பையன் நம்மை அதன்பிறகு நம்ப மாட்டான். இருப்பதைச் சொல்வோம்: "அவர் தன் மதத்துக்காகச் செய்ததாகச் சொல்கிறார்." இதற்கும் "அவருடைய மதம்தான் செய்ய வைத்தது" என்பதற்கும் உள்ள தூரத்தைப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். முதலாவது அவர் சொன்னது, இரண்டாவது நாமாக எடுக்கும் முடிவு. அதே மதத்தில் அதே நூலைப் படித்துக்கொண்டு இதைக் கண்டிக்கிறவர்கள் இருக்கும்போது அந்த முடிவு நிற்காது. யார் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள், ஆயுதம் எங்கிருந்து வந்தது, எந்த அரசியல் எரிச்சலை ஊதிவிட்டார்கள் என்று கேட்க ஆரம்பித்தால் பதில்கள் மதத்தோடு நின்றுவிடுவதில்லை.

பழைய உதாரணம் எடுப்பதாக இருந்தால் எண்ணிப் பார்த்து எடுங்கள். மூன்று உதாரணத்திலும் குற்றவாளி ஒரே மதத்தவராக இருந்தால், வாய் என்ன சொன்னாலும் பலகை வேறொன்றைச் சொல்லிக்கொடுக்கும். நான் எடுப்பவற்றைச் சொல்கிறேன்.

2011 ஜூலை 22 அன்று நார்வேயில் 77 பேர் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்த முதல் சில மணி நேரம் செய்திகளில் பேசியவர்கள் பலர் இஸ்லாமியத் தீவிரவாதம் என்றே ஊகித்தார்கள். பிடிபட்டது இஸ்லாமியர் மேல் வெறுப்புக் கொண்ட ஒரு நார்வேக்காரர். 2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் நடன வகுப்புக்குப் போன மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்த அகதி, முஸ்லிம் என்று ஒரு பொய்ப் பெயரோடு வதந்தி பரவி, மறுநாளே அந்த ஊர் மசூதியை ஒரு கூட்டம் தாக்கியது. பிடிபட்ட 17 வயதுப் பையன் பிறந்தது பிரிட்டனிலேயேதான். முதல் நாளில் யாருக்கும் முழுசாக எதுவும் தெரிந்திருக்காது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளைகள் உடனே கேட்பார்கள், "அவன் முஸ்லிமாகவே இருந்திருந்தால்?" கேட்கட்டும். இருந்திருந்தாலும் அந்த மசூதியில் இருந்தவர்கள் எதுவும் செய்யவில்லையே. வதந்தி பொய் என்பதால் மட்டும் அந்தத் தாக்குதல் தப்பாகவில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அவசரப்படாமல் பேசுங்கள்.

பழி எப்படி ஆள் மாறிப் போய் விழும் என்பதற்கு 2001. செப்டம்பர் 11 தாக்குதல் முடிந்து நான்கு நாளில் அமெரிக்காவின் அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் தன் பெட்ரோல் நிலைய வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையும் தாடியும்தான் காரணம். "ஐயோ, தப்பான ஆளைச் சுட்டுவிட்டானே" என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அப்போது, சரியான ஆள் என்று ஒருவர் அந்தத் தெருவில் இருந்தாரா என்று கேளுங்கள்.

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் சுடப்பட்டு இறந்தவர்கள் 51 பேர். ஐந்து வாரம் கழித்து இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது, 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த மாதமே குண்டுவெடிப்புக்குச் சம்பந்தமில்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. குண்டு வைத்த குழுவின் தலைவனைப் பற்றி முஸ்லிம்களே முன்கூட்டி அதிகாரிகளிடம் புகார் செய்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2018 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் யூத ஆலயத்தில் 11 பேர் கொல்லப்பட்டபோது முஸ்லிம் அமைப்புகள் அந்தக் குடும்பங்களுக்குப் பணம் திரட்டின. கிறைஸ்ட்சர்ச் நடந்ததும் பிட்ஸ்பர்க் யூதர்கள் அங்கே நிதி சேர்த்து அனுப்பினார்கள். இதை வகுப்பின் கடைசியில் இனிப்புக் கொடுப்பது போலச் சொல்லி முடிக்காதீர்கள், நடுவிலேயே சொல்லுங்கள். அதுவும் அதே செய்தியின் ஒரு பகுதி.

வீடியோ போட்டுக் காட்ட வேண்டாம், ஒரு நொடிகூட. கிறைஸ்ட்சர்ச் கொலைகாரன் பேஸ்புக்கில் நேரலையாக ஓடவிட்டான், முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக அந்த நிறுவனம் சொன்னது. பார்வையாளர்கள் வேண்டும் என்பதும் அவன் திட்டத்தில் இருந்தது. அவன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று அப்போதைய பிரதமர் ஜசிந்தா ஆர்டென் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். நாமும் அப்படியே செய்யலாம்.

அப்புறம் ஒரு விஷயம், எனக்குச் சொல்லக் கஷ்டமான விஷயம். பல வருடம் முன்பு இதே மாதிரி ஒரு திங்கட்கிழமை, ஒரு பத்தாம் வகுப்பில், செய்தியில் அடிபட்ட மதத்தைச் சேர்ந்த ஒரே மாணவியை எழுப்பி, "நீ சொல்லும்மா, உங்கள் மதத்தில் இதைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது?" என்று கேட்டேன். மரியாதை கொடுப்பதாகத்தான் நினைத்தேன். அவள் எழுந்து நின்று டெஸ்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. "எனக்குத் தெரியாது மிஸ்" என்றாள். அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் அவள் மறுபடி கை தூக்கவே இல்லை. 15 வயதுப் பிள்ளையை ஒரு மதத்துக்கே வக்கீலாக்கிவிட்டேன். தயவுசெய்து யாரையும் எழுப்பிக் கேட்காதீர்கள், அந்தப் பக்கம் பார்க்கக்கூடப் பார்க்காதீர்கள். தானாகப் பேச வந்தால் கேளுங்கள், அதையும் அந்தப் பிள்ளையின் கருத்தாக மட்டும். இறந்தவர்களின் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் இதே கவனம் வேண்டும். அவர்கள் துக்கத்தை நாம் பாடமாக்கக் கூடாது.

"அவங்க எல்லாருமே இப்படித்தான் சார்" என்று ஒருவன் சொல்வான். கத்தாதீர்கள், காதில் விழாதது போலவும் இருக்காதீர்கள், கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். குரலை உயர்த்தாமல், "எந்த மதத்தைப் பற்றியும் 'எல்லாரும்' என்று இந்த வகுப்பில் சொல்ல வேண்டாம், வேறு மதத்தைச் சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்வேன்" என்று சொல்லிவிட்டு, "எல்லாரும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு ஃபார்வர்ட் வெளியே வரும். அவனை விட்டுவிட்டு அந்த ஃபார்வர்டை எடுத்துக்கொள்ளுங்கள்: யார் அனுப்பியது, தேதி இருக்கிறதா, படம் இந்தச் சம்பவத்தின் படம்தானா? அவனைத் தனியாக மதியம் பாருங்கள். சில நேரம் அதற்குப் பின்னால் பயம் இருக்கும், சொந்தக்காரர் யாராவது அந்த ஊரில் இருப்பார்கள்.

தாக்கியது சரிதான் என்று யாராவது சொன்னால் வகுப்பில் விசாரணை நடத்த வேண்டாம், "கொலையை நான் ஏற்கவே மாட்டேன், நீயும் நானும் அப்புறம் பேசுவோம்" என்பது போதும். உளறிய ஒரு வாக்கியத்துக்காக ஒரு பையனின் பெயரை எங்கேயும் எழுதி வைக்காதீர்கள். யாரையாவது ஏதாவது செய்யப்போவதாகப் பேச்சு வந்தால் மட்டும் தனியாக வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே தலைமையாசிரியரிடமும் மாணவர் ஆலோசகரிடமும் சொல்லுங்கள்.

பெற்றோர் யாராவது போன் செய்து "ஏன் இதையெல்லாம் பேசுகிறீர்கள்" என்று கேட்டால் நீங்கள் தனியாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், என் பக்கம் திருப்பிவிடுங்கள். நாளை மூன்றாம் பீரியடுக்கு அப்புறம் ஸ்டாஃப் ரூமில் இருப்பேன். எந்தக் கேள்விக்குப் பதில் வராமல் நின்றீர்களோ அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள், 9ஆம் வகுப்பு 'பி' பிரிவுக்கு மதியம் நான்தான் போக வேண்டும், எனக்கும் அது தேவைப்படும்.