காசி யாத்திரைக் குழுவினரிடம் விடைபெறும் உரை

உடன் யாத்திரை செய்த பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

அனைவருக்கும் வணக்கம். சேதுக் கரையில் எடுத்த மணலைப் பிரயாகைத் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, காசியையும் கயையையும் தரிசித்து, அங்கிருந்து கொண்டுவந்த கங்கை நீரால் இன்று காலை இராமநாதசுவாமிக்கு அபிஷேகம் செய்வித்ததோடு நம் யாத்திரை முறைப்படி நிறைவுற்றது. நாளை அவரவர் ஊருக்குப் புறப்படுவதற்கு முன் குழுவின் சார்பில் சில சொற்கள் பேசும்படி என்னைப் பணித்தீர்கள்.

புறப்பட்டபோது நம்மில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். பெட்டிகளை எங்கே வைப்பது, சன்னலோர இருக்கை யாருக்கு என்ற சிறு பிணக்குகளும் நமக்குள் இருந்தன, அவற்றை மறைப்பானேன்? ஆனால், காசியில் படித்துறையின் செங்குத்தான படிகளில் முழங்கால் வலியோடு இறங்கிய பாட்டியம்மாவை, யாரும் சொல்லாமலேயே இருவர் இருபுறமும் தாங்கி நீராட்டி அழைத்து வந்த நாளுக்குப் பிறகு, இருக்கையைப் பற்றிய பேச்சு ஒருமுறைகூட எழவில்லை.

கயையில் நடந்ததை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தாய் தந்தையருக்கும் முன்னோருக்கும் பிண்டமிட்ட பிறகு, நண்பர்களுக்கும், பிண்டமிட ஒருவரும் இல்லாமல் மறைந்தவர்களுக்கும் இடலாம் என்று சாஸ்திரிகள் கூறியபோது, அதுவரை யாரோடும் அதிகம் பேசாத நம் அஞ்சல்துறை ஐயா, தம்மோடு பணியாற்றித் தனியாளாகவே மறைந்த நண்பருக்காக இட்டார். அதைக் கண்டு, நம்மில் பலரும் மறந்தே போயிருந்த அண்டை வீட்டாரையும் ஆசிரியர்களையும் வரிசையாக நினைவுகூர்ந்தோம். சடங்கில் எனக்கு இருந்த தயக்கம் அந்த அரைமணி நேரத்தில் பெரிதும் கரைந்தது. அதற்காக ஐயாவுக்கு என் நன்றியைத் தனியே தெரிவித்துக் கொள்கிறேன். அட்சயவடத்தின் அடியில் விருப்பமான காயையும் கனியையும் விடச் சொன்னபோது, ஆயுளில் ஒருநாளும் தொடாத பாகற்காயை விட்டவர் யார் என்பதை மட்டும் இந்தச் சபையில் நான் சொல்லப் போவதில்லை.

வழிநடத்திய அமைப்பாளருக்கும், நாம் விழிக்கும் முன்பே அடுப்பு மூட்டிய சமையல்காரர்களுக்கும், மருந்துப் பையைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்த செவிலியர் அக்காவுக்கும் நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். அவசரத்திலோ அசதியிலோ எங்களில் எவரேனும் கடிந்து பேசியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம்.

ஊர் திரும்பியதும் ஒவ்வொருவர் வீட்டிலும் கங்கா சமாராதனை நடக்கும். நாள் குறித்தவுடன் குழுவினர் அனைவருக்கும் தெரிவியுங்கள். பந்தியில் பரிமாறவாவது நம்மில் இரண்டு மூன்று பேர் அவசியம் வந்து சேர்வோம். இப்போதைக்கு உங்கள் எல்லோரிடமும் விடைபெறுகிறேன். சௌக்கியமாகப் போய்ச் சேருங்கள்.