நெல் ஆலைக் கணக்குச் செயலி: இலவசக் காலத்தில் என்ன கிடைக்கும், காசு எப்போது தொடங்கும்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் நெல் வாங்கிக் குற்றும் ஆலைக்காரருக்கும், ஆலை இல்லாமல் நெல் மட்டும் வாங்கி லொறி ஏற்றுபவர்களுக்கும் இந்தச் செயலியைத் தருகிறோம். முதல் 30 நாளுக்குக் காசு இல்லை. அந்த நாட்களில் எதெது கிடைக்கும், காசு என்றைக்குத் தொடங்கும், எதெது இலவசக் காலத்தோடு நின்றுவிடும் என்பதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறோம். வாசிக்க நேரமில்லாவிட்டால் காசு பற்றிய பகுதியையாவது வாசித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

30 நாளை எங்கிருந்து எண்ணுகிறோம்

பதிவு செய்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. உங்கள் ஆலையில் முதலாவது உண்மையான நிறுவைச் சிட்டை போடும் நாள்தான் முதல் நாள். காலபோக வெட்டு வன்னி முழுக்க ஒரே நாளில் தொடங்குவதில்லையே. இரணைமடுவின் கீழ் வெட்டு மெசின் இறங்கியிருக்கும்போது வவுனிக்குளத்துப் பக்கம் கதிர் இன்னும் பச்சையாக நிற்கலாம். நெல்லே வராத ஆலையில் செயலியைத் திறந்து வைத்து நாளைக் கழிப்பதில் யாருக்கு என்ன லாபம்?

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. பதிவு செய்து 60 நாளாகியும் ஒரு சிட்டைகூடப் போடவில்லை என்றால், 61ஆம் நாள் இலவசக் காலம் தானாகவே தொடங்கிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2026 ஜனவரி 20 அன்று பதிவு செய்கிறீர்கள். முதல் சிட்டை பெப்ரவரி 5 அன்று போடுகிறீர்கள். அப்படியானால் 30ஆம் நாள் மார்ச் 6. அன்று நள்ளிரவு வரை எல்லாம் இலவசம். நாள் கணக்கு எங்கள் பக்கத்து நேரத்தின்படிதான் ஓடும். போனில் திகதியைப் பின்னுக்குத் தள்ளி வைத்தாலும் நாள் கூடாது.

கவரேஜ் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். சிட்டை போட இணையம் தேவையில்லை. களத்து மேட்டில் நின்றே போடலாம். கவரேஜ் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் கணக்கு தானாக ஏறிவிடும். இலவசக் காலத்துக்குள் போட்ட சிட்டை, காலம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஏறினாலும் செல்லும்.

இலவசக் காலத்தில் கிடைப்பவை

எங்களிடம் கட்டணத் திட்டங்கள் இரண்டு உண்டு. சிறு ஆலைத் திட்டம் மாதம் 3,200 ரூபா. ஒரு களஞ்சியம், இரண்டு போன். பெரு ஆலைத் திட்டம் மாதம் 5,900 ரூபா. ஐந்து களஞ்சியம், எட்டுப் போன். இரண்டிலும் வற் வரி சேர்ந்தே இருக்கிறது. இலவசக் காலத்தில் நீங்கள் பாவிப்பது பெரு ஆலைத் திட்டம் முழுவதையும். எதையும் பூட்டி வைக்கவில்லை.

நிறுவைச் சிட்டை, கமக்காரரின் பற்று வரவு, உரத்துக்கும் உழவுக்கும் கொடுத்த முற்பணத்தைக் கழித்தல், குற்றிய நெல்லுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு குருணல், எவ்வளவு தவிடு என்ற பதிவு, சாக்குக் கணக்கு எல்லாம் இதில் அடக்கம். நாடு, சம்பா, கீரிச்சம்பா என்று இனம் பிரித்து வைக்கலாம். மொட்டைக்கறுப்பன் வாங்குபவர்கள் அதையும் தனி இனமாகச் சேர்க்கலாம்.

ஈரக் கழிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆலை வாசலில் சண்டை வருவது அதில்தான். 14 வீத ஈரத்தை அடிப்படையாக வைத்துச் செயலி எடையைத் திருத்துகிறது. கணக்கு இதுதான்: நிறுத்த எடையை, 100இலிருந்து ஈர வீதத்தைக் கழித்து வரும் எண்ணால் பெருக்கி, 86ஆல் வகுக்க வேண்டும். 4,000 கிலோ நெல் 18 வீத ஈரத்தோடு வந்தால் 4,000 × 82 ÷ 86. வருவது 3,814 கிலோ. மூடைக்கு இத்தனை கிலோ என்று கண்ணால் பார்த்து வெட்டுவதற்குப் பதிலாக, நிறுத்த எடை, ஈர வீதம், திருத்திய எடை மூன்றையும் சிட்டையில் அச்சிட்டுக் கமக்காரர் கையில் கொடுக்கலாம். ஈரமானியில் வந்த அளவை நீங்கள்தான் பதிய வேண்டும். அதைச் செயலி தானாக எடுக்காது. வேறு வீதத்தை அடிப்படையாக வைத்து வாங்குபவர்கள் அமைப்பில் 14ஐ மாற்றிக்கொள்ளலாம்.

இலவசக் காலத்துச் சிட்டைகளில் ‘இலவசப் பிரதி’ என்றோ வேறு எதுவோ அச்சாகாது. அப்படி ஒரு வரி இருந்தால் நெல் கொண்டுவந்தவர் சிட்டையை நம்ப மாட்டார். கட்டணத்துக்கு மாறினாலும் சிட்டை இலக்கம் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.

காசு எப்போது தொடங்கும்

இதில்தான் கேள்வி அதிகம் வருகிறது. பெரும்பாலும் இந்தக் கேள்வி: “தம்பி, காட் இலக்கத்தைக் குடுத்தா நீங்களே காசை எடுத்துப் போடுவியளோ?”

பதிவு செய்யக் காட் தேவையில்லை. காட் கொடுக்காதவர்களிடம் எதுவும் தானாக எடுக்கப்பட மாட்டாது, எடுக்கவும் முடியாது. 30 நாள் முடிந்ததும் கணக்கு ‘பார்வை மட்டும்’ என்ற நிலைக்குப் போகும். பழைய சிட்டைகளைப் பார்க்கலாம், அச்சிடலாம், முழுக் கணக்கையும் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். புதுச் சிட்டை மட்டும் போட முடியாது. இந்த நிலையில் 12 மாதம் வைத்திருப்போம். அதற்குப் பிறகு அழிப்போம். அழிக்க ஒரு மாதம் இருக்கும்போதே குறுஞ்செய்தி வரும். இடையில் எந்த நாளிலும் வங்கியில் கட்டணத்தைக் கட்டி, துண்டைப் படம் எடுத்து அனுப்பினால் அன்றே திறந்துவிடுவோம். நீங்கள் கட்டிய மாதம் அந்தத் திறந்த நாளிலிருந்து எண்ணப்படும்.

காட் கொடுத்தவர்களுக்கு நடைமுறை வேறு. 30ஆம் நாள் முடிந்து மறுநாள் காலை 6 மணிக்கு முதல் மாதக் கட்டணம் எடுக்கப்படும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது மார்ச் 7. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் 7ஆம் திகதி. நீங்கள் திட்டம் எதையும் தெரிவு செய்யாமல் விட்டிருந்தால் சிறு ஆலைத் திட்டத்தில்தான் போடுவோம். இலவசமாகப் பெரு ஆலைத் திட்டத்தைப் பாவித்தார் என்பதற்காக 5,900 ரூபாவை எடுப்பது சரியில்லை.

23ஆம் நாளும் 28ஆம் நாளும் குறுஞ்செய்தி அனுப்புவோம். எவ்வளவு காசு, எந்தத் திகதி, எந்தக் காட்டின் கடைசி நான்கு இலக்கம் என்பதெல்லாம் அதில் தமிழில் இருக்கும். 30ஆம் நாள் காலையில், பதிவு செய்த இலக்கத்துக்கு ஒருவர் அழைத்தும் சொல்வார். அழைப்பை எடுக்காவிட்டாலும் திகதி மாறாது.

வேண்டாம் என்றால் செயலியில் ‘சந்தா’ பகுதிக்குப் போய் ‘நிறுத்து’ என்பதை அழுத்துங்கள். 30ஆம் நாள் நள்ளிரவு வரை அழுத்தலாம். முன்கூட்டியே நிறுத்தினாலும் மீதி இலவச நாட்கள் போகாது. அந்தப் பொத்தானைத் தேடிக் களைத்தவர்கள் உதவி இலக்கத்துக்கு ‘நிறுத்து’ என்று ஒரு வட்ஸ்அப் அனுப்பினாலும் போதும். அனுப்பிய நேரம்தான் கணக்கு.

கவனிக்காமல் விட்டுக் காசு போய்விட்டதா? எடுத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் சொல்லுங்கள். அந்த நாட்களில் புதுச் சிட்டை எதுவும் போட்டிருக்காவிட்டால் முழுக் காசும் திரும்ப வரும். சிட்டை போட்டிருந்தால் வராது.

செயலி பிடித்துப்போய்ப் பத்தாம் நாளே காசு கட்டுபவர்களும் உண்டு. அவர்களுக்கும் மீதி 20 நாள் இலவசமே. கட்டிய மாதம் அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

இலவசக் காலத்தோடு நின்றுவிடுபவை

கீழே சொல்பவை எந்தக் கட்டணத் திட்டத்திலும் இல்லை, அல்லது தனிக் காசு. பிறகு “முதல் தந்தியள், இப்ப ஏன் இல்லை” என்று மனவருத்தம் வரக்கூடாது என்பதால் இப்போதே சொல்கிறோம்.

முதலாவது, பழைய கொப்பிக் கணக்கை ஏற்றித் தருவது. கமக்காரரின் பெயர், பழைய நிலுவை, முற்பணம் எழுதிய கொப்பிப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினால் 200 பேர் வரைக்கும் நாங்களே தட்டி ஏற்றுவோம். இது இலவசக் காலத்தில் மட்டும். ஏற்றிய கணக்கு பிறகும் உங்களிடமே இருக்கும். அதற்குப் பிறகு வருபவர்களை நீங்களே சேர்க்க வேண்டும். ஏற்றியதை ஒருமுறை கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் எங்களுக்கு ஆளைப் பிரிக்கத் தெரியாது.

அடுத்தது குறுஞ்செய்தி. நெல் நிறுத்ததும் கமக்காரரின் போனுக்குச் செய்தி போகும் வசதிக்கு 300 செய்தி இலவசம். மிச்சம் இருந்தாலும் கட்டணக் காலத்துக்குச் செல்லாது. அப்புறம் வேண்டுமென்றால் தனியாக வாங்கலாம், அல்லது சிட்டையை வட்ஸ்அப்பில் அனுப்பலாம். அதற்கு எப்போதும் காசு இல்லை.

பழகுவதற்கென்று ஒரு மாதிரி ஆலை செயலிக்குள் இருக்கிறது. அதில் பொய்க் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், கணக்குப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அதில் போடும் சிட்டை 30 நாளைத் தொடக்காது. இலவசக் காலம் முடிந்ததும் அந்த மாதிரி ஆலை அழிந்துவிடும், ஆகவே உண்மைக் கணக்கை மறந்தும் அதில் போட வேண்டாம். மேல் ஓரத்தில் மஞ்சள் பட்டி தெரிந்தால் நீங்கள் நிற்பது மாதிரி ஆலையில்.

இரவு 9 மணி வரை தொலைபேசி உதவியும் இந்த 30 நாளுக்குத்தான். கட்டணக் காலத்தில் மாலை 5 மணியோடு முடியும்.

இரண்டாவது, மூன்றாவது களஞ்சியங்களின் நிலை கொஞ்சம் வேறு. பரந்தனில் ஆலையும் மாங்குளத்தில் களஞ்சியமும் வைத்திருப்பவர் சிறு ஆலைத் திட்டத்துக்கு மாறினால், மாங்குளக் கணக்கு அழியாது, பூட்டப்படும். பார்க்கலாம், எழுத முடியாது. பெரு ஆலைக்கு மாறும் நாளில் திறக்கும். எந்தக் களஞ்சியத்தைத் திறந்து வைப்பது என்பதை நீங்கள்தான் தெரிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் சிட்டை அதிகம் போட்டது திறந்திருக்கும்.

இன்னும் இரண்டு விடயம்

ஓர் ஆலைக்கு ஒரு முறைதான் இலவசக் காலம். சிறுபோகத்துக்கு மகனின் இலக்கத்தில் இன்னொரு முறை என்பது சரிவராது. ஆனால் வெள்ளத்தால் ஆலை பூட்டிக் கிடந்தால், இலவசக் காலம் முடிவதற்குள் சொன்னால் 14 நாள் கூட்டித் தருவோம்.

சிட்டை அடிக்கும் சிறிய அச்சு மெசினை இலவசக் காலத்துக்கு இரவலாகத் தருகிறோம். பிணைக் காசு வாங்குவதில்லை. முடிந்த பிறகு 10 நாளுக்குள் திருப்பித் தரலாம், அல்லது 14,500 ரூபாவுக்கு வைத்துக்கொள்ளலாம். திருப்புபவர்கள் கொண்டுவர வேண்டியதில்லை, நான்கு மாவட்டங்களுக்குள்ளும் எங்கள் ஆள் வந்து எடுப்பார். மின்கம்பியையும் மெசினோடு சேர்த்து வைத்திருங்கள்.