மெஷின் உடுப்பு பத்தி

தங்கச்சி,

காலையில 7 மணிக்குப் போட்ட உங்க உடுப்பு பின்னேரம் 4 மணிக்கும் மெஷினுக்குள்ளயே இருந்துச்சு. நீல வாளியில எடுத்து வச்சிருக்கேன்.

ஹட்டன் குளிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்காதீங்க. மூடின டிரம்முக்குள்ள காத்து இல்ல, ஈரத்துல கிருமி பெருகித்தான் அந்தப் புளிச்ச நாத்தம் வருது. துவாயும் ஜீன்ஸும் தடிப்பு, அதனால அதுதான் முதல்ல நாறும். காஞ்சதும் போன மாதிரி இருக்கும், வேர்த்தா திரும்ப வரும். வாசனைத் திரவம் ஊத்தினா அடங்கவே அடங்காது.

இப்ப 4 லீட்டர் தண்ணியில அரைக் கப் வெள்ளை வினாகிரி கலந்து அரை மணித்தியாலம் ஊற வச்சு, பவுடர் போட்டுத் திரும்பக் கழுவுங்க. வினாகிரியோட பிளீச் மட்டும் சேர்த்துடாதீங்க, நச்சு வாயு வரும்.

கதவு ரப்பர் மடிப்புல இப்பவே கறுப்புப் பூஞ்சணம் இருக்கு. அது பிடிச்சா என் உடுப்பும் நாறும். எடுத்ததும் மடிப்பைத் துணியால துடைச்சு, கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்க.

மெஷின்ல மிச்ச நிமிஷம் காட்டும், அதுக்கு ஃபோன்ல அலாரம் வைங்க. வேலைக்குப் போற நாள்ல காலையில போடாதீங்க, தயவுசெஞ்சு. மழை நாள்ல கடைசியா ஒரு ஸ்பின் கூட விட்டா கொடியில சீக்கிரம் காயும்.

முன் அறை அக்கா