செப்டம்பர் 3 அதிகாலை லோடு சீட்டு ஆப் நின்னு போனது: என்ன நடந்துச்சு, என்ன சரி பண்ணியிருக்கோம்

சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் 3, 2025 புதன்கிழமை ராத்திரி 2:10ல இருந்து 3:38 வரைக்கும், அதாவது 88 நிமிஷம், நம்ம லோடு சீட்டு ஆப் யாருக்குமே வேலை செய்யல. அன்னைக்கு ஆன்-கால்ல இருந்தது நான்தான். மறுநாள் உத்திராடம், அதுக்கு மறுநாள் திருவோணம், பாவூர்சத்திரத்துல இருந்து கொல்லம், புனலூர் பக்கம் காய் போற வண்டிக்கு வருஷத்துலயே முக்கியமான ராத்திரி அது.

17 வண்டிக்கு சீட்டு போட முடியல. 14 வண்டிக்கு யார்டு அண்ணாச்சி கையால எழுதி அனுப்பிட்டாங்க, மீதி 3 வண்டி ஆப் வர்ற வரைக்கும் நின்னுச்சு, அதுல ஒண்ணு புனலூர் மார்க்கெட்டுக்கு லேட்டா போய் பீன்சும் முருங்கையும் விலை குறைஞ்சுதான் போச்சு. பழைய கணக்கு, பணம், எடை விவரம் எதுவும் அழியல, கையால எழுதின 14 சீட்டும் மதியத்துக்குள்ள ஏத்தியாச்சு.

காரணம் இதுதான். நம்ம சர்வர் நிஜமாவே நம்மளுதுதான்னு டிரைவர் போனுக்கு காட்டுறதுக்கு சர்டிஃபிகேட்னு ஒண்ணு இருக்கு, நம்மளுது 90 நாளைக்குத்தான் செல்லும். முடியறதுக்கு 30 நாள் முன்னாடியே அது தானா புதுசு வாங்கிக்கும், ஆகஸ்ட் 4 அன்னைக்கு வாங்கியும் வச்சிருந்துச்சு, ஆனா ஓடிக்கிட்டிருந்த சர்வர் பழசையே காட்டிக்கிட்டிருந்துச்சு, அந்த ராத்திரி பழசு முடிஞ்சதும் ஆப் நின்னுபோச்சு. புது லைசென்ஸை பீரோல வச்சுட்டு பழைய லைசென்ஸோட புளியரை செக்போஸ்ட்ல போய் நிக்கற மாதிரி. புதுசை எடுத்துக்கோன்னு சர்வருக்கு சொல்ற செட்டிங், ஜூன்ல புது சர்வருக்கு மாறினப்ப விட்டுப்போச்சு. மாத்தினது நான், விட்டதும் நான்தான்.

இவ்ளோ நேரம் ஆனதுக்கு ரெண்டு காரணம். ஆப்ல "நெட் சரியில்லை"ன்னு வந்ததால டிரைவர்ங்க மலைப்பக்கம் டவர் கிடைக்கலன்னு நினைச்சுட்டாங்க, எனக்கு அண்ணாச்சி போன் வந்ததே 2:50க்குத்தான். நம்ம அலாரமும் அடிக்கல, அது சர்வருக்கு உள்ள இருந்தே பாக்குது, உள்ள எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நானும் அதை நம்பி அரை மணி நேரம் ஆப்பை ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருந்தேன், மொதல்ல என் போன்ல ஆப்பை திறந்து பாத்திருந்தா 3:10க்கே முடிஞ்சிருக்கும், அந்த அரை மணி நேரம் இன்னும் மனசுல உறுத்துது. கடைசில சரி பண்ணது இந்த ஒரு வரி:

```
sudo systemctl reload nginx
```

இப்ப புது சர்டிஃபிகேட் வந்தவுடனே இந்த வரி தானா ஓடும், வியாழக்கிழமை சோதிச்சும் பாத்துட்டேன். அலாரம் இனிமே வெளிய இருந்து, டிரைவர் போன் பாக்கற மாதிரியே பாக்கும், சர்டிஃபிகேட் முடிய 14 நாள் மிச்சம் இருக்கும்போதே என்னை எழுப்பும். "நெட் சரியில்லை"ங்கற செய்தியை அடுத்த வாரம் மாத்துறோம், சர்வர் பக்கம் கோளாறுன்னா அப்படியே சொல்லி யார்டு நம்பரையும் காட்டும்.

உங்ககிட்ட ரெண்டு முடிவு வேணும். ஓணம், விஷு வாரத்துல ராத்திரி ஆன்-காலுக்கு ரெண்டாவது ஆள் ஒருத்தர். அப்புறம் அந்த பீன்ஸ் லோடுக்காரருக்கு விலை வித்தியாசத்தை நம்மளே குடுத்துடணும்னு நான் கேட்டுக்கறேன், அவர் வண்டி நின்னதுக்கு அவர் மேல ஒரு தப்பும் இல்ல. பில் அக்கவுண்ட்ஸ்ல குடுத்திருக்கேன்.