நித்யாவுக்கு, நிதானமாகப் படிக்க

நித்யா,

நாளைக் காலை ஐந்தரைக்கு நான் கிளம்பிவிடுவேன். நீ எழுந்திருக்கும்போது இந்தக் கடிதம் உன் லேப்டாப் மேல் இருக்கும். வேலைக்கு ஓடும் அவசரத்தில் பிரித்துவிடாதே. சாயங்காலம் வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் படி. யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. குழந்தை விஷயம்தான்.

நேரில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நாம் இதைப் பேச உட்கார்ந்தால் என்ன நடக்கிறது என்று உனக்கே தெரியும். நீ ஆரம்பிப்பாய், நான் ஒரு ஜோக் அடிப்பேன், உன் முகம் வாடும், "சரி விடு" என்பாய், நானும் விட்டுவிடுவேன். அந்த "சரி விடு"வுக்கு "விட்டுடாதே" என்று அர்த்தம் என்பது புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. புரியாத மாதிரி இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

எனக்குக் குழந்தை பெற்றுக்கொள்ள விருப்பம் இல்லை, நித்யா. "இப்போதைக்கு இல்லை" என்று இதுவரை சொல்லிவந்தேன். அந்த "இப்போதைக்கு" பொய். உனக்கு விருப்பம் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். போன மாதம் உன் அக்கா வீட்டில் குட்டிப் பையன் உன் தோளிலேயே தூங்கிப்போனானே, அவன் வாயொழுகி உன் சட்டை நனைந்திருந்தது. திரும்பி வரும்போது வண்டியில் நீ அந்த ஈரத்தைத் துடைக்கவே இல்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ரேடியோவைப் போட்டேன்.

நீ கேட்கும்போதெல்லாம் நான் சொன்ன காரணங்களையும் இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். "லோன் பாதியாவது குறையட்டும்" என்றேன். "இந்த ப்ராஜெக்ட் முடியட்டும்" என்றேன். லோன் பாதி குறைந்து பத்து மாதம் ஆகிறது. அதை நானும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. உலக மக்கள் தொகை 2022 நவம்பரில் 800 கோடியைத் தாண்டிய செய்தி வந்தபோது, "கோட்டா முடிஞ்சுபோச்சு, நாம லேட்" என்று நண்பர்கள் எதிரில் சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். அப்புறம் தண்ணீர் எடுத்துவரப் போனவள் கால் மணி நேரம் வரவில்லை. லோனும் வேலையும் 800 கோடியும் என் காரணங்களே இல்லை. விருப்பமில்லை என்று சொல்லத் தைரியம் வராததால் வழியில் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், உன் காலண்டர். அதில் மாதாமாதம் பென்சிலில் நீ வைக்கும் சின்னப் புள்ளிகளைக் கவனித்திருக்கிறேன். தேதி தவறாமல் இருக்கிறதா என்று நீ பார்த்துக்கொள்கிறாய் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். ஒரு பெண் பிறக்கும்போதே அவள் உடம்பில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்குமாம். வயதுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம்தான் மிஞ்சும். அதன்பிறகும் குறைந்துகொண்டே போகும், 35 வயதைத் தாண்டினால் எண்ணிக்கையோடு தரமும் வேகமாக இறங்கும். என் கணக்கு வேறு: ஆணுக்கு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள், உற்பத்தி நடந்துகொண்டே இருக்கும். வயது ஆக ஆக அதன் தரமும் குறையத்தான் செய்யும், ஆனால் கடை மூடுவதில்லை. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நான் மூன்று வருடம் சொன்னேன். அந்த மூன்று வருடமும் உன் கணக்கிலிருந்து போனது. அடுத்த மாதம் உனக்கு 34. இன்னும் ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் அது திருட்டு என்று தோன்றியது.

ஏன் விருப்பமில்லை என்று நீ கேட்பாய். முழுசாக எனக்கே தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பியை நான்தான் வளர்த்தேன் என்று அம்மா பெருமையாகச் சொல்வார்கள், நீயும் பலமுறை கேட்டிருக்கிறாய். அம்மாவுக்கு இரவு வேலை, அப்பா ஊரில் இல்லை. எனக்குப் பதினொரு வயது, அவனுக்கு ஒன்றரை. குளிப்பாட்டினேன், ஊட்டினேன், தூங்கவைத்தேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாத ஒன்று: ஒருமுறை அவனுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. அம்மா வேலையிலிருந்து வரக் காலை ஆகும். நான் விளக்கை அணைக்காமல் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே இருந்தேன். நூறு வரை எண்ணுவேன், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன். தூங்கிவிட்டால் அது நின்றுவிடும் என்று நிச்சயமாக நம்பினேன். விடியும் வரை எண்ணினேன். அவன் மறுநாளே விளையாட ஆரம்பித்துவிட்டான். எனக்கு அந்த எண்ணிக்கை இன்னும் நிற்கவில்லை. ராத்திரி நடுவில் விழிப்பு வந்தால் உன் பக்கம் திரும்பி மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். ஏழு வருடமாக. உனக்குத் தெரியாது.

பெரியவர்களாகிவிட்ட நம் இருவருக்கே இப்படி என்றால், ஒரு பச்சைக் குழந்தை இந்த வீட்டில் இருந்தால் நான் எப்படி இருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒருவேளை இது பயம்தானோ, விருப்பமின்மை இல்லையோ என்றும் கேட்டுப் பார்த்துக்கொண்டேன். பயத்தை ஓரமாக வைத்துவிட்டு, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று வைத்துக்கொண்டு யோசித்தேன். அப்போதும் மனசில் ஆசை எழவில்லை. பிறர் குழந்தைகளைக் கொஞ்சப் பிடிக்கும், அவர்கள் கிளம்பிப் போன பிறகு வீடு அமைதியாவது அதைவிடப் பிடிக்கும். இதைக் கேட்க உனக்குக் கசக்கும். ஆனால் உண்மையிலேயே இதுதான் நான் கண்டது.

"உனக்காகச் சரி" என்று சொல்லிவிடலாமே என்றும் நினைத்தேன். ஒரு ராத்திரி சொல்லவே வாயெடுத்தேன். நீ தூங்கியிருந்தாய், அது நல்லதாகப் போயிற்று. உனக்காகச் சரி என்று சொல்லி, நடுராத்திரி மூன்று மணிக்குக் குழந்தை அழும்போதெல்லாம் என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ அந்த முகத்தைப் பார்ப்பாய். குழந்தையும் ஒருநாள் பார்க்கும். அதே மாதிரி, எனக்காக நீ "வேண்டாம் சரி" என்று சொல்வதும் எனக்கு வேண்டாம். பத்து வருடம் கழித்து நாம் எதற்காகவோ சண்டை போடும்போது அது நடுவில் வந்து உட்காரும். வேறு எல்லாவற்றிலும் நாம் ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுத்து ஓட்டியிருக்கிறோம். இதில் பாதி என்று ஒன்று இல்லையே.

உன்னிடம் கேட்க எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. இத்தனை நாள் கேட்காதது என் தப்பு. கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும் என்று பயந்தேன். உனக்கு வேண்டியது வயிற்றில் சுமப்பதா, வளர்ப்பதா, இரண்டுமா? தத்தெடுப்பது உன் மனசில் எங்காவது இருக்கிறதா, அல்லது அது பேச்சுக்குக்கூட இல்லையா? "விசேஷம் ஒண்ணும் இல்லையா" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்களே, அந்த வாய்களையெல்லாம் மூடிவிட்டால் உன் ஆசை எவ்வளவு மிஞ்சும்? (உன் ஆசையைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு நீ சிரித்துச் சமாளிப்பதைப் பார்த்துக்கொண்டு நான் செல்போனை நோண்டியிருக்கிறேன். அதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.) கடைசியாக ஒன்று: உனக்கு என்னோடு ஒரு குழந்தை வேண்டுமா, அல்லது குழந்தை வேண்டுமா? இரண்டும் ஒன்றில்லை. பதில் இரண்டாவது என்றால் அதையும் நான் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரிவதைப் பற்றி இந்தக் கடிதம் பேசவில்லை. ஆனால் அது வரவே வராது என்று சத்தியம் செய்தால் அது இன்னொரு "பார்க்கலாம்" ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் பேசலாமா? வீட்டில் வேண்டாம், நடந்துகொண்டே பேசுவோம். எதிரெதிரே உட்கார்ந்தால் நான் மறுபடி ஜோக் அடித்துவிடுவேன். அன்றைக்கு எதையும் முடிவு செய்ய வேண்டாம். முதலில் நீ பேசு, நான் குறுக்கே பேசமாட்டேன். என்மேல் கோபம் இருந்தால் அதிலிருந்தே ஆரம்பி. ஒரு மணி நேரம் முடிந்ததும் அன்றைக்கு அதை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்ப்போம், அடுத்த ஞாயிறு தொடரலாம். நமக்குள் முடியாவிட்டால் தம்பதிகளுக்கென்று இருக்கும் ஆலோசகர் ஒருவரைப் பார்க்கலாம். நான் வருகிறேன். இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

இதற்கிடையில் நீ உன் டாக்டரைப் பார்த்து வைப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏ.எம்.ஹெச். என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. முட்டை இருப்பு எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லுமே தவிர, கரு தரிக்குமா தரிக்காதா என்று அது சொல்லாது. எண்ணைப் பார்த்துப் பதறிவிடாதே. கருமுட்டையை உறையவைத்துச் சேமிக்கும் வழியைப் பற்றியும் கேள். பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட வேண்டியிருக்கும், பின்னால் குழந்தை நிச்சயம் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். இதை நான் நேரம் வாங்கச் சொல்லவில்லை. நான் தின்ற நேரத்தில் கொஞ்சமாவது உன் கையில் இருக்கட்டும் என்றுதான். செலவு நம் இருவர் பணத்திலிருந்து. கூட வரச் சொன்னால் வருவேன், தனியாகப் போக வேண்டும் என்றால் கேட்கமாட்டேன்.

என் பக்கம் ஒரு வாக்கு: குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் பற்றியும் நான் படித்தேன். அதை நிரந்தரம் என்று நினைத்துத்தான் செய்துகொள்ள வேண்டும். உனக்குத் தெரியாமல் அந்தப் பக்கமே போகமாட்டேன். நாம் பேசி முடிக்கும் வரை, நம் அம்மாக்கள் உட்பட, யாரிடமும் இதைச் சொல்லமாட்டேன். நீ உன் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றால் சொல். உனக்கும் பேச ஆள் வேண்டும்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதத் தோன்றினால் எழுது, அது வேறு. "படிச்சுட்டேன்" என்று ஒரு மெசேஜ் மட்டும் போடு. நான் "எப்படி இருக்க?" என்று கேட்டு உடனே நச்சரிக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை இரவு நீ அக்கா வீட்டில் தங்கினாலும் சரி.

சனிக்கிழமை பதினொரு மணி போல வந்துவிடுவேன். சாவியை எடுத்துப் போகவில்லை, மணி அடிக்கிறேன்.

சரவணன்