இரண்டாவது அடுப்பு: கிராண்ட்பாஸ் குடும்பமொன்றின் இரண்டு ஆண்டுகள்

இக்கதையில் வரும் குடும்பத்தினரின் பெயர்களும் முகங்களும் அவர்களுடைய விருப்பத்தின்படியே இங்கு இடம்பெறவில்லை. இதை எழுதி முடித்ததும் அவர்களுக்கு முழுமையாக வாசித்துக் காட்டினோம். அவர்கள் நீக்கச் சொன்ன இரண்டு வாக்கியங்களை நீக்கினோம். எமது உதவிக்கும் இக்கதைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதையும், எப்போது வேண்டுமானாலும் இதனை மீளப்பெறுமாறு அவர்கள் கேட்கலாம் என்பதையும் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

கொழும்பு, கிராண்ட்பாஸ் பகுதியின் தோட்டமொன்றில் வாழும் இந்த நால்வரில், தாய் திருமணத்துக்கு முன்பிருந்தே இடியப்பம் அவித்து விற்பவர். தந்தை பதினெட்டு ஆண்டுகள் புறக்கோட்டையில் நாட்டாமியாக மூட்டை சுமந்தவர். முதுகு வலி காரணமாக மருத்துவர் அறிவுறுத்தியதன் பேரில் 2021இல் அத்தொழிலை விட்டார். அதற்கு அடுத்த ஆண்டில் நாடு முழுவதும் நேர்ந்ததை இலங்கை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. எரிவாயுவுக்காக மக்கள் வரிசையில் காத்திருந்த ஆண்டும் அதுவே. அந்தக் காலத்தைப் பற்றி இக்குடும்பம் எங்களுக்குச் சொன்னவற்றில் பெரும்பகுதி அவர்களுக்கே உரியது என்பதால் அதை இங்கு எழுதவில்லை.

2023இன் தொடக்கத்தில் எமது களப் பணியாளர் அவர்களைச் சந்தித்தபோது, அப்பகுதிப் பெண்கள் பலருக்கு வழங்கிய தையல் இயந்திரத் திட்டத்தைப் பற்றியே முதலில் பேசினார். தாய் அதைக் கேட்டுவிட்டு, "மெஷின் வேணாம் மிஸ். எனக்குத் தெரிஞ்ச வேலை இடியப்பம். ஒரே அடுப்பில விடியறதுக்குள்ள நூறுக்கு மேல அவிக்க ஏலாது, அதுதான் பிரச்சினை" என்றார். இரண்டு சாப்பாட்டுக் கடைகள் தம்மிடம் நாள்தோறும் முந்நூறு இடியப்பம் கேட்டிருப்பதையும், காலை ஆறரை மணிக்குள் கொடுக்க முடியாததால் தாம் மறுத்து வந்ததையும் அவர் விளக்கினார். தேவையானவற்றை அவரே கணக்கிட்டிருந்தார்: இரட்டை அடுப்பு, இன்னொரு எரிவாயு சிலிண்டர், பெரிய அவிக்கும் பானை, அறுபது இடியப்பத் தட்டுகள். இவ்வளவு தெளிவான தொழில் திட்டத்தை நாங்கள் அபூர்வமாகவே கண்டிருக்கிறோம். அதில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எமது அமைப்பு வட்டியின்றி 60,000 ரூபாயைக் கடனாகக் கொடுத்தது. முதல் இரண்டு மாதங்கள் தவணை எதுவும் வாங்கவில்லை. வருமானம் சீரானதும் மாதம் 5,000 ரூபாய் வீதம் பன்னிரண்டு தவணைகளில் கடனை முழுவதுமாக அவர்கள் அடைத்தார்கள். வியாபாரப் பெயரைப் பதிவு செய்வதற்காகக் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தைப் பெறுவதிலும், பிரதேச செயலகத்தில் விண்ணப்பத்தை நிரப்புவதிலும் எமது பணியாளர் உடனிருந்தார். எங்கள் பங்கு இவ்வளவுதான். அதிகாலையில் மா குழைப்பதற்குக் கைகொடுத்தவர் அயல்வீட்டு நாத்தனார். மூன்றாவது கடையை அறிமுகம் செய்தவர் அதே தோட்டத்தில் வாழும் சிங்களப் பெண்மணி ஒருவர்.

இன்று வார நாட்களில் நானூறு இடியப்பம் வரை அவிகிறது. மூன்று மணிக்கு எழும் வழக்கம் மாறவில்லை, வேலை குறையவும் இல்லை. ஆனால் நாள்வட்டிக்குப் பணம் வாங்கி அன்றன்றைய மாவை வாங்கும் நிலை நீங்கி, வாரம் ஒருமுறை மொத்த விலையில் சிவப்பரிசி மா வாங்குகிறார்கள். கடைகளுக்குச் சைக்கிளில் கொண்டு செல்பவரும் கணக்குப் புத்தகத்தை எழுதுபவரும் தந்தையே. எந்தக் கடை எத்தனை நாள் பாக்கி வைத்திருக்கிறது என்பதை அவர் பக்கத்தைப் புரட்டாமலே சொல்கிறார். சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் மகள், காலையில் வேலைக்குத் துணை நிற்பதை விட்டுவிட்டு அந்த நேரத்தில் படிக்கிறாள். அது பெற்றோர் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

எல்லாம் தீர்ந்துவிட்டதென்று எழுதினால் அது பொய்யாகும். வீட்டு வாடகை உயர்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் தோட்டத்தின் வடிகால் நிரம்பும்போது விநியோகம் தடைப்படுகிறது. மாலையில் பிட்டும் விற்க வேண்டுமென்பது தாயின் அடுத்த திட்டம். அதற்கு எங்களிடம் கடன் கேட்கவில்லை; தமது வங்கிச் சேமிப்பிலிருந்தே தொடங்குவதாகச் சொல்கிறார்.

அவர்கள் திருப்பிச் செலுத்திய 60,000 ரூபாய் எமது சுழற்சி நிதியில் சேர்ந்து, கடந்த மாதம் முகத்துவாரத்தில் மீன் வலை பழுது பார்க்கும் ஒருவருக்குக் கடனாகச் சென்றது. நீங்கள் இந்நிதிக்கு வழங்கும் நன்கொடை இவ்வாறே கைமாறும். அதைப் பெறுபவர் தமது கதையை எங்களுக்குச் சொல்ல வேண்டுமென்ற நிபந்தனை எதுவும் இல்லை.